உடல்நலக் குறைவால் கெடு தள்ளிவைக்கக் கேட்டு விரிவுரையாளருக்கு மின்னஞ்சல்: முழுமையான வழிகாட்டி

“வணக்கம் சார். எனக்கு மூணு நாளா உடம்பு சரியில்லை. அசைன்மென்ட்டுக்குக் கொஞ்சம் டைம் கொடுங்க சார், ப்ளீஸ்.”

இந்தக் கடிதத்தில் பொய் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனாலும் இதைப் படிக்கும் விரிவுரையாளரால் ‘சரி’ என்று பதில் எழுத முடியாது. அவர் மூன்று பாடங்கள் எடுப்பார். ஒவ்வொன்றிலும் அறுபது பேர் இருக்கலாம். எழுதியவர் யார், எந்தப் பாடம், எந்த அசைன்மென்ட், ‘கொஞ்சம்’ என்பது ஒரு நாளா ஒரு வாரமா என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். அதற்கு மாணவர் பதில் எழுதி, அதை அவர் பார்த்து முடிவு சொல்வதற்குள் கெடு நாளே கடந்துவிடும்.

அவகாசம் கேட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கவலையோடு எழுதுகிறார்கள்: நான் உண்மையிலேயே நோயில் கிடக்கிறேன் என்று இவரை நம்பவைக்க வேண்டுமே! அதனால் கடிதத்தில் முக்கால் பங்கு காய்ச்சலையும் தலைவலியையும் பற்றிப் போய்விடுகிறது. விரிவுரையாளர் தேடுவது வேறு. உங்கள் ஒருவருக்காக ஒரு தேதியை நகர்த்தலாமா, எந்தத் தேதிக்கு நகர்த்தலாம் என்பதுதான் அவர் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவுக்குத் தேவையான எல்லாம் ஒரே கடிதத்தில் இருந்தால், இரண்டு வரிப் பதிலில் வேலை முடிந்துவிடும். எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளிலிருந்து தொடங்குவோம். கடிதத்தின் பாதி அங்கேதான் உருவாகிறது.

முதலில் பாட விதிகளைப் பாருங்கள்

பருவத் தொடக்கத்தில் கொடுத்த பாடத்திட்ட ஆவணத்தையோ இணையத்தில் உள்ள பாடப் பக்கத்தையோ திறந்து, தாமத ஒப்படைப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அவகாசம் தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. சில இடங்களில் விரிவுரையாளரே முடிவு செய்வார். சில இடங்களில் துறை அலுவலகத்தில் படிவம் கொடுக்க வேண்டும். அங்கே விரிவுரையாளர் மனமிரங்கினாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானால் படிவத்தை முறைப்படி கொடுத்துவிட்டு, “இந்தக் காரணத்துக்காகத் துறை அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்கிறேன், உங்கள் தகவலுக்கு” என்று விரிவுரையாளருக்கு இரண்டு வரி எழுதினால் போதும்.

கேட்காமலேயே கிடைக்கும் சலுகை நாட்கள் உண்டா என்றும் பாருங்கள். ஒரு நாள் தாமதத்துக்கு எந்தக் கழிவும் இல்லை என்று விதியே சொல்லியிருந்து, உங்களுக்கு வேண்டியதும் அந்த ஒரு நாள்தான் என்றால், கடிதமே தேவையில்லை. விதியில் பதில் இருக்கும் கேள்வியைக் கேட்டு வரும் கடிதம் எந்த விரிவுரையாளருக்கும் சலிப்பைத்தான் தரும்.

எத்தனை நாள் கேட்பது

பலரும் யோசிக்காமல் தாண்டிப் போகும் இடம் இது. ஒரு வாரம் என்பது வாயில் எளிதாக வருகிறது, அதனால் ஒரு வாரம் கேட்கிறார்கள். மூன்று நாள் காய்ச்சலுக்கு ஏழு நாள் ஏன் என்ற கேள்வி படிப்பவர் மனதில் உடனே எழும். இன்னொரு பக்கம், அதிகம் கேட்கத் தயங்கி ஒரே ஒரு நாள் கேட்டுவிட்டு, அதற்குள் முடிக்க முடியாமல் மறுபடியும் கடிதம் எழுதுபவர்களும் உண்டு. இரண்டாவது முறை கேட்பதுதான் கடினம். முதல் முறை சொன்ன தேதியை நம்பித்தான் அவர் சம்மதித்திருப்பார்.

ஒரு மாணவியின் நிலையை எடுத்துக்கொள்வோம். புள்ளியியல் பாடத்தின் இரண்டாம் அசைன்மென்ட்டை மார்ச் 14, வெள்ளி மாலை 5 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒரு தரவுத் தொகுப்பைச் சரிபார்த்து, மூன்று கேள்விகளுக்கு விடை கண்டு, அறிக்கை எழுத வேண்டும். திங்கள் மாலைக்குள் தரவைச் சரிபார்த்து இரண்டு கேள்விகளை முடித்துவிட்டாள். செவ்வாய், புதன், வியாழன் மாலைகளில் தலா மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் மீதி முடிந்துவிடும் என்பது அவள் திட்டம். திங்கள் இரவு காய்ச்சல் வந்தது. செவ்வாய் காலை மருத்துவரைப் பார்த்தாள். வியாழன் வரை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்.

நோய் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது மூன்று மாலைகள், அதாவது ஒன்பது மணி நேர வேலை. அதை எங்கே மீட்பது? வெள்ளியன்று எழுந்து உட்கார முடியும் என்றாலும் உடம்பில் அசதி இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. சனியும் ஞாயிறும் மூன்று மூன்று மணி நேரம். திங்கள் மாலை வகுப்பு முடிந்து வந்து இரண்டு மணி நேரம். ஒன்பது சரியாக வருகிறது. ஆக, அவள் கேட்க வேண்டியது திங்கள் இரவு வரை. ‘திங்கள்’ என்று மட்டும் சொல்லாமல் 9 மணி என்று நேரத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூலக் கெடு மாலை 5 மணி. திங்கள் என்று சொன்னால் அதையும் 5 மணி என்றுதான் விரிவுரையாளர் புரிந்துகொள்வார்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குணமான முதல் நாளை முழு நாளாக எண்ணவில்லை. காய்ச்சல் விட்ட மறுநாளே வழக்கமான வேகத்தில் எழுதலாம் என்ற நம்பிக்கையில்தான் நிறையக் கணக்குகள் கவிழ்கின்றன.

தேதி கிடைத்த பிறகு, பாட அட்டவணையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த மாணவியின் பாடத்தில் மார்ச் 18, செவ்வாய் வகுப்பில் அசைன்மென்ட்டின் விடைகளை விவாதிக்கப் போகிறார்கள். விடைகள் வெளியான பிறகு ஒருவரிடமிருந்து மட்டும் அதே அசைன்மென்ட்டை வாங்குவது நியாயமாக இருக்காது. அதற்குப் பிந்தைய தேதியைக் கேட்டால் எவ்வளவு உண்மையான நோயாக இருந்தாலும் மறுப்புதான் வரும். திங்கள் இரவு என்பது அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. ஒருவேளை உங்களுக்குத் தேவையான நாட்கள் அந்த எல்லையைத் தாண்டினால், அவகாசத்துக்குப் பதிலாக வேறு தலைப்பில் மாற்று அசைன்மென்ட் தர முடியுமா என்று கேட்பது பொருத்தம்.

இங்கே ஒரு சங்கடமான நிலையும் வரும். நோய் வருவதற்கு முன்பே நீங்கள் பின்தங்கியிருக்கலாம். இரண்டு வாரம் இருந்தும் தொடங்காமல் விட்டு, கடைசி மூன்று நாளில் முடிக்கலாம் என்று இருந்தபோது காய்ச்சல் வந்திருக்கலாம். அதற்காக அவகாசம் கேட்கக் கூடாது என்றில்லை. நோய் எத்தனை நாளை எடுத்துக்கொண்டதோ அத்தனை நாளைக் கேளுங்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள். சோம்பலில் போன இரண்டு வாரத்தையும் காய்ச்சலின் கணக்கில் எழுதும்போதுதான் கடிதம் பொய்யாகிறது. எவ்வளவு முடித்திருக்கிறீர்கள் என்பதை உள்ளபடி சொன்னால் போதும். ஏன் தாமதமாகத் தொடங்கினீர்கள் என்று வாக்குமூலம் தர வேண்டியதில்லை.

எப்போது அனுப்புவது

கெடுவுக்குள் முடிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெளிவான நாளிலேயே அனுப்புங்கள். அந்த மாணவிக்கு அது செவ்வாயன்று, வியாழன் வரை ஓய்வு என்று மருத்துவர் சொன்னபோதே தெரிந்துவிட்டது. அன்றிரவோ புதன் காலையோ அனுப்பினால், விரிவுரையாளர் யோசிக்கவும் துறையில் கேட்கவும் இரண்டு நாள் கிடைக்கும். வெள்ளி மாலை 4:50-க்கு அனுப்பினால் அவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அது கோரிக்கையாக இல்லாமல், நடந்து முடிந்ததைப் பற்றிய அறிவிப்பாகத்தான் தெரியும்.

கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அனுப்புங்கள். செல்லப் பெயரில் பத்தாம் வகுப்பில் உருவாக்கிய முகவரியிலிருந்து போகும் கடிதம் ஸ்பாமில் போய் விழலாம். விழாவிட்டாலும், அதை எழுதியது நீங்கள்தான் என்பதற்கு அவரிடம் சான்று இருக்காது.

கடிதம்

அந்த மாணவி புதன் காலை அனுப்பும் கடிதம் இப்படி இருக்கலாம்.

> தலைப்பு வரி: புள்ளியியல் 204, இரண்டாம் அசைன்மென்ட்: மார்ச் 17 வரை அவகாசம் வேண்டி
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> வணக்கம். நான் புள்ளியியல் 204 பாடத்தில் ‘பி’ பிரிவு மாணவி. மார்ச் 14, வெள்ளி மாலை 5 மணிக்குள் தர வேண்டிய இரண்டாம் அசைன்மென்ட்டை, மார்ச் 17, திங்கள் இரவு 9 மணிக்குள் ஒப்படைக்க அனுமதி கேட்டு எழுதுகிறேன்.
>
> திங்கள் இரவிலிருந்து எனக்குக் காய்ச்சல். நேற்று மருத்துவரைப் பார்த்தேன். வியாழன் வரை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று என்னால் வேலை செய்ய முடியவில்லை, இன்றும் நாளையும் முடியாது என்று நினைக்கிறேன்.
>
> தரவைச் சரிபார்த்து, முதல் இரண்டு கேள்விகளை முடித்திருக்கிறேன். மூன்றாம் கேள்வியும் அறிக்கையும் மீதி இருக்கின்றன. வெள்ளியன்று மறுபடி தொடங்கினால் திங்கள் இரவுக்குள் முடித்துவிடுவேன். செவ்வாய் வகுப்பில் விடைகளை விவாதிக்க இருக்கிறீர்கள் என்பதால் அதற்கு முன்பே ஒப்படைக்கும்படி இந்த நேரத்தைக் கேட்கிறேன்.
>
> மருத்துவச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன். அவகாசம் தர இயலாத நிலை என்றால், முடித்த பகுதியை வெள்ளி மாலைக்குள் ஒப்படைத்துவிடுகிறேன்.
>
> நன்றி.
>
> (பெயர், பதிவு எண், பிரிவு)

கோரிக்கை முதல் பத்தியிலேயே வந்துவிட்டதைப் பாருங்கள். பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய நமக்குக் காரணத்தில் தொடங்கி, நீண்ட சுற்றுக்குப் பின் “ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து” என்று முடிப்பதுதான் கை பழகிய வழி. கைபேசித் திரையில் முதல் நான்கு வரியை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ‘ஆகவே’ கண்ணில் படாமலே போகலாம். பழைய கெடுவும் புதிய தேதியும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து இருப்பதும் வேண்டுமென்றே செய்தது: எவ்வளவு இடைவெளி கேட்கிறாள் என்பது தேடாமல் தெரிகிறது.

மூன்றாம் பத்திதான் இந்தக் கடிதத்தின் பலம் என்பது என் கருத்து. முடித்தது எது, மீதி எது என்று பெயர் சொல்லி எழுதுவது, அசைன்மென்ட்டைத் திறந்து பார்த்தவரால் மட்டுமே முடியும். “ஏறக்குறைய முடித்துவிட்டேன்” என்ற வரி அந்த வேலையைச் செய்யாது. எழுதிய இரண்டு கேள்விகளைக் காட்டச் சொன்னால் உடனே காட்ட முடிகிற அளவுக்கு அது உண்மையாகவும் இருக்க வேண்டும். சில விரிவுரையாளர்கள், “இதுவரை செய்ததை அனுப்புங்கள், பார்க்கிறேன்” என்று கேட்பது உண்டு.

கடைசியில் வரும் “தர இயலாத நிலை என்றால்” என்ற வரியைப் பலர் தவிர்க்கிறார்கள், மறுக்க வழி காட்டுவதுபோல் இருக்கிறது என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. பத்து முறை மன்னிப்புக் கேட்பதைவிட அந்த ஒரு வரி கண்ணியமானது. நோய்வாய்ப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கவே தேவையில்லை.

விளித்தலைப் பொறுத்தவரை, வகுப்பில் ‘ஐயா’, ‘அம்மா’, ‘சார்’, ‘மேடம்’ என்று எப்படி அழைக்கிறீர்களோ அதையே எழுதுங்கள். ‘பேராசிரியர் அவர்களுக்கு’ என்றும் தொடங்கலாம். நீங்கள், தாங்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே இருங்கள். புகழுரை வேண்டாம். “உங்கள் பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம்” என்பது உண்மையாகவே இருந்தாலும், அவகாசம் கேட்கும் கடிதத்தில் வந்தால் லஞ்சம் போல ஒலிக்கும்.

நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது

எப்போது தொடங்கியது, வேலையை எப்படிப் பாதித்தது, எப்போது சரியாகும் என்று தெரிகிறது ஆகிய மூன்றும் போதும். எத்தனை முறை வாந்தி, என்ன மாத்திரை என்ற விவரங்கள் படிப்பவரைச் சங்கடப்படுத்துமே தவிர முடிவுக்கு உதவாது. நோயின் பெயரைச் சொல்வது உங்கள் விருப்பம். மனநலம், மாதவிடாய், அறுவை சிகிச்சை போன்று வெளியே சொல்ல விரும்பாத எதுவாக இருந்தாலும், “உடல்நலக் காரணத்தால் சிகிச்சையில் இருக்கிறேன், கடந்த மூன்று நாட்களாகப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை” என்று எழுதினால் அது முழுமையான காரணம்தான். மறைப்பது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. மனச்சோர்வை வயிற்றுவலி என்று எழுதினால், பின்னால் சான்றிதழ் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். மேலும் நீண்ட உதவி தேவைப்படும் நாளில் முதல் கடிதமே உங்களுக்கு எதிராக நிற்கும்.

மருத்துவரையே பார்க்கவில்லை என்றால் அதையும் உள்ளபடி சொல்லலாம்: “மருத்துவரிடம் போகவில்லை, வீட்டிலேயே ஓய்வில் இருக்கிறேன், அதனால் சான்றிதழ் இல்லை.” இரண்டு நாள் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகாதவர்கள் ஏராளம் என்பது விரிவுரையாளருக்கும் தெரியும், சிறிய அவகாசம் என்றால் பலர் இதை ஏற்பார்கள். விதி சான்றிதழைக் கட்டாயமாக்கியிருந்தால் நோய் இருக்கும்போதே போய் வாங்குங்கள். குணமான பிறகு பழைய தேதி போட்டுச் சான்றிதழ் வாங்குவதும், தேதியைத் திருத்துவதும் அவகாசப் பிரச்சினையை ஒழுங்கு நடவடிக்கையாக மாற்றிவிடும். மூன்று நாள் தாமதத்துக்குப் போகும் மதிப்பெண்ணோடு இதை ஒப்பிடவே முடியாது.

விதி கேட்டால் சான்றிதழைக் கடிதத்தோடு இணையுங்கள். கேட்காவிட்டால் ‘இருக்கிறது’ என்று சொல்வதே போதும். உங்கள் மருத்துவ ஆவணத்தைத் தேவையில்லாமல் பலர் இன்பாக்ஸில் கிடக்கவிட வேண்டாம். இணைத்தால் தேதியும் கையொப்பமும் படிக்கும்படி தெளிவாக இருக்கட்டும்.

கெடு ஏற்கெனவே தாண்டியிருந்தால்

மருத்துவமனையில் படுத்திருந்தவரால் முன்கூட்டியே எழுத முடியாது. அப்படியானால் கோரிக்கைக்கு அடுத்த வாக்கியமே ஏன் முன்பு எழுதவில்லை என்பதாக இருக்கட்டும்: “13-ஆம் தேதி இரவு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு நேற்றுதான் வீடு திரும்பினேன்.” எழுத முடியாத நிலையில் இருப்பவருக்காக அறைத் தோழரோ குடும்பத்தாரோ கெடுவுக்கு முன் ஒரு வரி அனுப்பிவைத்தால் மிகவும் உதவும். அதில் பெயர், பதிவு எண், பாடம், குணமானதும் அவரே எழுதுவார் என்ற தகவல் மட்டும் போதும்.

குழு அசைன்மென்ட் என்றால் விரிவுரையாளருக்கு முன்னால் குழுவினரிடம் பேசுங்கள். உங்கள் பங்கை அவர்கள் எடுத்துக்கொண்டு குறித்த நாளில் முடிக்க முடியும் என்றால் எல்லோருக்குமாக அவகாசம் கேட்பது சரியல்ல.

அனுப்பிய பிறகு

பதில் வராதது சம்மதம் ஆகாது. ஒரு வேலை நாள் பொறுத்து, அதே கடிதத் தொடரிலேயே ஒரு வரி எழுதுங்கள்: “அம்மா, வெள்ளி மாலைக் கெடு நெருங்குவதால் நினைவூட்டுகிறேன்.” புதிய கடிதமாக அனுப்பினால் முந்தையதைத் தேடும் வேலை அவருக்கு. அதற்கும் பதில் இல்லாவிட்டால், கெடுவுக்குள் முடித்த பகுதியை ஒப்படைத்துவிடுங்கள். ஒப்படைப்புத் தளம் ஒரு முறைதான் கோப்பை ஏற்கும் என்றால் இதில் சிக்கல் உண்டு: பாதிக் கோப்பை ஏற்றிவிட்டால் பின்னால் முழுக் கோப்பை ஏற்ற முடியாமல் போகலாம். அப்போது பாதிக் கோப்பைத் தளத்தில் ஏற்றாமல், கெடுவுக்கு முன் அதே கடிதத் தொடரில் இணைத்து அனுப்பி, ஏன் இப்படி அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஆனால் தளத்தில் வந்ததை மட்டுமே ஏற்போம் என்று விதி சொன்னால், இருப்பதைத் தளத்திலேயே ஏற்றுங்கள்; பாதிக்காவது மதிப்பெண் கிடைக்கும்.

சம்மதம் வந்தால், “நன்றி அம்மா. மார்ச் 17, திங்கள் இரவு 9 மணிக்குள் ஒப்படைக்கிறேன்” என்று தேதியையும் நேரத்தையும் திருப்பி எழுதுங்கள். அவர் நீங்கள் கேட்டதைவிடக் குறைத்து, ஞாயிறு இரவு வரை என்று கொடுத்திருந்தால் அந்தத் தேதியை எழுதி ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்காகப் பேரம் பேசுவதைவிட அறிக்கையின் நீளத்தைக் குறைப்பது எளிது. மறுத்துவிட்டால் காரணம் கேட்டு வாதாட வேண்டாம். தாமதத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று விதியைப் பார்த்து, பாதியை நேரத்தில் தருவதா முழுவதையும் தாமதமாகத் தருவதா, எதில் மதிப்பெண் கூடும் என்று கணக்குப் போடுங்கள். மருத்துவச் சான்று இருந்து, நோயும் கடுமையானது என்றால், துறை அலுவலகத்தில் முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்று கேட்கலாம். விரிவுரையாளருக்குத் தெரியப்படுத்திவிட்டுக் கேளுங்கள்.

திங்களன்று ஒப்படைக்கும்போது கோப்பின் முதல் பக்கத்திலோ தளத்தின் குறிப்புப் பெட்டியிலோ “மார்ச் 17 இரவு 9 மணி வரை அவகாசம் அளிக்கப்பட்டது, மார்ச் 12 மின்னஞ்சல்” என்று ஒரு வரி சேருங்கள். விடைத்தாளைத் திருத்துவது வேறொருவராக இருக்கலாம். தளம் அதைத் தாமதம் என்று சிவப்பில் காட்டும்போது, அவருக்கு அந்த அனுமதி பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.